டயலிசிஸ் நேரம் மாறினால் குடும்பத்துக்கு எப்படி எழுதுவது: முதல் வரியிலிருந்து கடைசி அழைப்பு வரை

கொழும்பில் ஒரு டயலிசிஸ் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒரு தவறு செய்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதான ஒரு காலையில், ஒரு அம்மாவின் மகளுக்கு இப்படி அனுப்பினேன்: "இன்று காலை டயலிசிஸ் இல்லை. இயந்திரக் கோளாறு. மாலை 6 மணிக்கு வரவும்." மகள் அப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். போன் திரையில் முதல் வரி மட்டும் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு அழைத்து, "அம்மாவுக்கு இன்றைக்கு இல்லையாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டு, உறவினர் வீட்டுக்கும் போய்விட்டார். அடுத்த நாள் விடியற்காலை படுக்க முடியாமல் மூச்சு வாங்க, ஒட்சிசனோடு கொண்டுவந்து அவசரமாக மெஷினில் போட்டோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று வாக்கியங்களில் ஒரு பொய்கூட இருக்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. வரிசைதான் பிழை.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. டயலிசிஸ் பிரிவுகளில் செய்தி எழுதுபவர்களை நினைத்து எழுதுகிறேன். இப்படியான செய்தியைப் பெறும் குடும்பங்களும், அதில் எதைத் தேட வேண்டும், எது இல்லையென்றால் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அறிய வாசிக்கலாம்.

எடுத்துக்கொள்ளும் ஆள்

வெள்ளவத்தையில் இருக்கும் 62 வயது ஐயா ஒருவரை வைத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி முதல் 10 மணி வரை அவருக்கு டயலிசிஸ். உலர் நிறை 58 கிலோ, அதாவது உடம்பில் மிதமிஞ்சிய நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய நிறை. சிறுநீர் அநேகமாகப் போவதில்லை. அவரைக் கூட்டிவருவது மகன். திங்கட்கிழமை அதிகாலை 4.30க்கு நமது தண்ணீர் இயந்திரம் வேலை செய்யவில்லை. திருத்துபவர்கள் மத்தியானத்துக்குள் சரியாகும் என்கிறார்கள். காலை ஷிப்டை மாலை 6 மணிக்குத் தள்ள வேண்டும்.

முதல் படி: எழுதுவதற்கு முன் மணித்தியாலங்களை எண்ணுங்கள்

போனைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஐயாவின் கடைசி டயலிசிஸ் வெள்ளி காலை 10 மணிக்கு முடிந்தது. வழக்கம்போல் திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கியிருந்தால் இடைவெளி 68 மணித்தியாலம். மாலை 6 மணிக்குத் தள்ளினால் 80. மாலையும் வராமல் புதன் காலை வந்தால் 116.

68க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலான நோயாளிகள் தாங்குவார்கள். 116 வேறு கதை. வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளியே ஏற்கனவே ஆபத்தானது. அமெரிக்காவில் ஏறத்தாழ 32,000 டயலிசிஸ் நோயாளிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் மாரடைப்பும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று காட்டியது. நாம் தள்ளுவது அந்த நாளைத்தான்.

வாரத்தில் இரண்டு தடவை மட்டும் செய்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. நமது நாட்டில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். திங்களும் வியாழனும் வருகிறவருக்குத் திங்கள் காலையிலேயே 92 மணித்தியாலம் ஆகியிருக்கும். அன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த வியாழன் காலை 164. அதனால் யாரை முதலில் மெஷினில் போடுவது என்று பார்க்கும்போது இவர்களைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

கணக்கு முடிந்ததும் பட்டியலை டொக்டரிடம் காட்டுங்கள். கடந்த முறை பொட்டாசியம் கூடியிருந்தவர், ஏற்கனவே கால் வீங்கி மூச்சு வாங்குபவர், போன வாரம் ஒரு முறை வராதவர் ஆகியோருக்கு 12 மணித்தியாலம்கூடத் தள்ள முடியாமல் இருக்கலாம். அவர்களை வேறு இடத்துக்கு அனுப்புவதா, வரச்சொல்லி இரத்தம் பார்ப்பதா என்பதை டொக்டர் முடிவு செய்யட்டும். அவர்களுக்குச் செய்தி போதாது, நேரே அழைத்துக் கதைக்க வேண்டும்.

இரண்டாம் படி: முதல் வரி

முதல் வரியில் வர வேண்டியவை யாருக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, வர வேண்டும் என்பவை மட்டுமே. காரணம் பிறகு. மன்னிப்பும் பிறகு. "இல்லை", "ரத்து", "நிறுத்தம்" என்ற சொற்கள் முதல் வரியில் வரவே கூடாது. களைத்துப்போன குடும்பம் இந்தச் சொற்களைக் கண்டதும், மீதியை வாசிக்க முன்பே ஓய்வு கிடைத்ததாக நினைக்கும். அது அவர்கள் குறை இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், வருடக் கணக்காக விடியற்காலை எழும்புகிறவர்கள் அவர்கள்.

நான் இப்போது எழுதும் முதல் வரி:

"அப்பாவின் டயலிசிஸ் இன்று திங்கள் மாலை 6.00 மணிக்கு. கட்டாயம் வரவும்."

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு இந்த நீளத்தில் ஒரு கணக்கு உண்டு. தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம். அதற்கு மேல் போனால் துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் எட்டு ஒன்பது சொற்களிலேயே 70 நிரம்பிவிடும். மேலே உள்ள வரி அந்த அளவுக்குள் அடங்கும். மீதித் துண்டுகள் பிந்தி வந்தாலும், வராமலே போனாலும், வர வேண்டிய நேரம் அவர்கள் கையில் இருக்கும். வட்ஸ்அப்பில் இந்த எல்லை இல்லை. ஆனாலும் பூட்டிய திரையில் தெரிவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

"இன்று" என்று மட்டும் எழுத வேண்டாம், கிழமையையும் சேருங்கள். இரவு 11.50க்கு அனுப்பிய "நாளை" என்ற சொல்லை 12.10க்கு வாசிக்கிறவர் எந்த நாளென்று எடுப்பார்? "6 மணி" என்று மட்டும் எழுதினால் வழக்கமான காலை 6 என்றே நினைப்பார்கள். நள்ளிரவு ஷிப்ட் என்றால் "12 மணி" என்பதை நான் எழுதுவதே இல்லை. "செவ்வாய் இரவு 11.45க்கு வாருங்கள்" என்று வந்துசேரும் நேரத்தை எழுதுவேன்.

அப்புறம், "நோயாளி" என்று எழுதாதீர்கள். மகனுக்கு எழுதினால் "அப்பா", மனைவிக்கு எழுதினால் "ஐயா". பதிவில் பெயரும் எண்ணும் இருக்கட்டும், ஆனால் செய்தியை வாசிக்கிறவருக்கு அது தன் வீட்டு ஆளைப் பற்றியது என்று உடனே தெரிய வேண்டும். பல குடும்பங்களை ஒரே குழுவில் போட்டு அறிவிப்பதும் வேண்டாம். ஒருவருடைய நேரத்தை மற்றவர் தன்னுடையதென்று எடுத்த சம்பவம் நடந்திருக்கிறது. தவிர, யார் யாருக்கு டயலிசிஸ் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல.

மூன்றாம் படி: ஏன் தவிர்க்க முடியாது என்பதைச் சொல்லும் விதம்

இங்கேதான் பலர் மிரட்டலுக்குப் போகிறார்கள். "வராவிட்டால் உயிராபத்து" என்று எழுதினால் இரண்டு விதத்தில் பிழையாகிவிடும். ஐயாவே போனை வாங்கி வாசித்தால் நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பார். முன்பு ஒருமுறை வராமல் விட்டும் ஒன்றும் நடக்காத குடும்பமோ, அதை நம்பாது. அவர்களுடைய அனுபவத்துக்கு எதிராக நமது ஒரு சொல் நிற்காது.

மணித்தியாலக் கணக்கு நிற்கும். "வெள்ளி காலைக்குப் பிறகு இன்று மாலை 80 மணித்தியாலம் ஆகிறது. இன்று விட்டால் புதன் காலை 116 மணித்தியாலம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் அப்பாவின் உடம்பு தாங்காது." இதில் அதட்டல் இல்லை. ஆனால் 116 என்ற எண்ணைப் பார்த்ததும் மகன் தானாகவே நாட்களாக மாற்றிப் பார்ப்பார். கிட்டத்தட்ட ஐந்து நாள்.

செய்திக்குப் பதிலாக வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அப்பா நல்லாத்தானே இருக்கிறார், புதன்கிழமை சேர்த்துச் செய்ய ஏலாதா மிஸ்?" இதற்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். விடை இரண்டு பகுதி.

முதலாவது நீர். ஐயாவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறுகிறது என்று வையுங்கள். திங்கள் மாலை 3.3 கிலோ. புதன் வரை விட்டால் 4.8 கிலோ. மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும், ஆனால் உடம்பு கொடுக்காது. ஒரு கிலோ உடல் நிறைக்கு மணித்தியாலத்துக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்காமல் பார்ப்பது பொதுவான அளவு. 58 கிலோ ஆளுக்கு நான்கு மணித்தியாலத்தில் அது சுமார் மூன்று லீற்றர். அதற்கு மேல் இழுத்தால் பிரஷர் விழும், காலில் தசை பிடிக்கும், இதயத்துக்கும் இரத்தம் குறையும். ஆக, புதன்கிழமை சேர்த்துச் செய்தாலும் ஏறக்குறைய 1.8 லீற்றர் உடம்பிலேயே தங்கிவிடும். அது நுரையீரலில் போய்த் தேங்கினால்தான் படுக்க முடியாத மூச்சு.

இரண்டாவது பொட்டாசியம். இதைத்தான் குடும்பத்துக்குப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, டயலிசிஸ் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலமும் ஏறிக்கொண்டே போகும். ஆறரையைத் தாண்டியவர்கூடச் சிரித்துக் கதைத்துக்கொண்டு இருக்கலாம். முதல் அறிகுறியே இதயத் துடிப்பு தாறுமாறாவதாக இருக்கலாம். அதனால் மகனிடம் நான் சொல்வது: "தம்பி, அப்பா நல்லா இருக்கிறது போன வெள்ளிக்கிழமை செய்த டயலிசிஸால. இன்றைக்குச் செய்யாட்டி அது தீர்ந்துபோகும்." நீண்ட விளக்கம் எதையும்விட இது அவர்களுக்கு விளங்குகிறது.

நான்காம் படி: இடைப்பட்ட 12 மணித்தியாலம்

நேரத்தை மாற்றினால் அந்த நாளின் சாப்பாடும் மருந்தும் மாறும். இதை எழுத மறந்தால் செய்தி பாதிதான்.

டயலிசிஸ் நாள் என்றால் பல வீடுகளில் கொஞ்சம் தளர்த்திவிடுவார்கள். "இன்றைக்கு எப்படியும் மெஷின் எடுத்துவிடும்" என்று ஒரு வாழைப்பழமோ செவ்விளநீரோ கொடுப்பார்கள். நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டியவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்ற அன்பும் அதில் உண்டு. காலை 6 மணிக்குப் பதில் மாலை 6 என்றானதும், அந்தப் பழம் மெஷின் இல்லாமல் 12 மணித்தியாலம் உடம்பில் வேலை செய்யும். எனவே செய்தியில் பொதுவாக "உணவுக் கட்டுப்பாடு" என்று எழுதாமல் பெயர் சொல்லி எழுதுங்கள்: செவ்விளநீர், வாழைப்பழம், பலாப்பழம், மாம்பழம் வேண்டாம். காமரங்காய் எந்த நாளும் கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது மூளையைத் தாக்கும், நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். தண்ணீருக்கு, வழக்கமான அளவைக் கூட்ட வேண்டாம், தாகத்துக்கு வாய் கொப்பளிக்கலாம் என்று ஒரு வரி போதும்.

குளிசைகள்தான் சிக்கல். டயலிசிஸ் நடக்கும்போது பிரஷர் விழாமல் இருக்க, சிலருக்குக் காலைப் பிரஷர் குளிசையைப் போடாமல் வரச் சொல்லியிருப்போம். நேரம் மாலைக்குப் போனால் சிலர் குளிசையை நாள் முழுக்கப் போடாமல் இருந்து பிரஷர் 200க்கு ஏறி வருவார்கள். சிலர் மத்தியானம் போட்டுவிட்டு வந்து மெஷினில் மயங்குவார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. இங்கே பொதுவான விடை கிடையாது. டொக்டரிடம் ஒவ்வொருவருக்கும் கேட்டு அதைச் செய்தியில் எழுதுங்கள். கேட்டு முடிக்க நேரமில்லை என்றால் "குளிசை பற்றி காலை 8 மணிக்குள் அழைத்துச் சொல்கிறோம்" என்று எழுதிவிட்டு உண்மையாகவே அழையுங்கள்.

பிறகு, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். நாம் மாலை 6 என்று எழுதிவிட்டதால், காலை 11க்கு மூச்சு முட்டினாலும் 6 மணிக்குத்தானே என்று இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் நமது சொல்லை மதிப்பதால் வரும் ஆபத்து இது. ஆகவே, "படுத்தால் மூச்சு முட்டினால், கால் கை சோர்ந்து தூக்க ஏலாமல் போனால், நெஞ்சு வலித்தால், நெஞ்சு படபடத்தால், மாலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே 1990" என்று எழுத வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காசுக்குத் தயங்கி ஓட்டோ தேடி நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: முழுச் செய்தி

எல்லாவற்றையும் சேர்த்தால் மகனுக்குப் போகும் வட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கும்:

"அப்பாவின் டயலிசிஸ் இன்று திங்கள் மாலை 6.00 மணிக்கு. கட்டாயம் வரவும்.
நிறையும் பிரஷரும் பார்க்க மாலை 5.30க்கு வாருங்கள். இரவு 10 மணியளவில் முடியும்.
காலை நேரத்தை மாற்றியதற்குக் காரணம் எங்கள் தண்ணீர் இயந்திரத்தின் பழுது. சிரமத்துக்கு மன்னியுங்கள். மேலதிகக் கட்டணம் இல்லை.
வெள்ளி காலைக்குப் பிறகு மாலை 80 மணித்தியாலம் ஆகும். இன்று விட்டால் புதன் காலை 116 ஆகிவிடும். புதனில் சேர்த்துச் செய்ய முடியாது.
மாலை வரை: செவ்விளநீர், வாழைப்பழம், பலாப்பழம், மாம்பழம் வேண்டாம். தண்ணீர் வழக்கமான அளவைவிடக் கூட்ட வேண்டாம். பிரஷர் குளிசை பற்றி காலை 8 மணிக்குள் அழைத்துச் சொல்கிறோம்.
படுத்தால் மூச்சு முட்டினால், கால் கை சோர்ந்தால், நெஞ்சு வலித்தால் அல்லது படபடத்தால் காத்திருக்காமல் உடனே 1990 அழையுங்கள், இலவசம்.
புதன் காலை 6.00 மணியில் மாற்றம் இல்லை.
யார் கூட்டிவருகிறீர்கள் என்று இந்தச் செய்திக்குப் பதில் போடுங்கள்."

கட்டணம் பற்றிய வரி சிறியதாகத் தெரியலாம். தனியார் பிரிவில் இரவில் செய்தால் கூடக் கேட்பார்களோ என்ற சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, "அப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி" என்று சொல்லி வராமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் இடத்தில் உண்மையில் கட்டணம் மாறுவதென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

புதன்கிழமை வரியையும் விடாதீர்கள். திங்கள் மாலைக்குப் போனதும் புதனும் மாலைதான் என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணம். அடுத்த நாள் போயா தினமாக இருந்தால் அன்றைக்குப் பிரிவு திறந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: பதில் வரும் வரை செய்தி போகவில்லை

நீல டிக் விழுவது வாசித்ததற்கு அடையாளம், வருவதற்கு அல்ல. "ஓகே" என்ற பதிலையும் நான் ஏற்பதில்லை. அதனால்தான் செய்தியின் கடைசி வரி யார் கூட்டிவருகிறீர்கள் என்று கேட்கிறது. "நான் கூட்டிவாறேன், 4.45க்கு வெளிக்கிடுவம்" என்று வந்தால் அது பதில்.

அரை மணித்தியாலத்துக்குள் பதில் இல்லையென்றால் அழையுங்கள். எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளை அழையுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு தொடர்பு எண் வைத்திருப்பது இதற்காகத்தான், அதில் ஒன்று வீட்டில் பகலில் இருப்பவருடையதாக இருக்கட்டும். பேசும்போது நேரத்தை அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "எத்தனை மணிக்கு வாறீங்கள் அம்மா?" என்று கேட்டால் அவர் "ஆறு மணிக்கு" என்பார், "காலையா மாலையா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

மதியம் 3 மணிக்கு இரண்டாவது அழைப்பு. வாகனம் ஒழுங்காகிவிட்டதா என்று கேட்க. வெள்ளவத்தையிலிருந்து மாலை 5 மணிக்குக் காலி வீதியில் வருவது விடியற்காலை 5.30க்கு வருவதைப் போல் அல்ல. வழக்கமாக வரும் ஓட்டோக்காரர் மாலையில் வேறு ஓட்டம் வைத்திருப்பார். இரவு 10க்குத் திரும்பிப் போக யாரும் இல்லை என்பதும் வராமல் விடுவதற்கு ஒரு காரணம், ஆனால் அதை 5 மணிக்குத்தான் சொல்வார்கள். 3 மணிக்கே கேட்டால் தீர்க்க இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். மழைக் காலத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் உள்ளவர்களிடம் பாதை எப்படி என்றும் கேளுங்கள். 2016 மே வெள்ளத்தில் அந்தப் பகுதிகளில் வீதிகளே தண்ணீருக்குள் போயிருந்தன.

"வர ஏலாது" என்று சொன்னால் "சரி" என்று வைத்துவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், இரவு 8க்கு வரலாமா, செவ்வாய் விடியற்காலை ஒரு மெஷின் ஒதுக்கினால் வரலாமா என்று பாருங்கள், உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள். நீங்கள் கதைத்த நேரம், யாரோடு கதைத்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதைக் கோப்பில் எழுதி வையுங்கள். இரவு ஷிப்ட் தாதிக்கு அது தெரியாமல் போனால் அந்த ஆள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

வந்த பிறகும் ஒரு விஷயம் இருக்கிறது. மாலை ஷிப்டில் 9 மணியானதும் "மூன்று மணித்தியாலம் போதும் மிஸ், பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறான்" என்று கேட்பார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவருக்கு ஒரு மணித்தியாலம் குறைப்பது, பாதி தவிர்ப்பது போலத்தான். இதைத் தடுக்கத்தான் முடியும் நேரத்தை முதலிலேயே செய்தியில் எழுதுகிறோம்.

எல்லாம் முடிந்து ஐயா வீடு போனதும் மகனுக்கு இன்னொரு சின்னச் செய்தி அனுப்புங்கள். நமது ஐயா மாலையில் 61.1 கிலோவோடு வந்தார் என்று வைத்தால்: "அப்பாவின் டயலிசிஸ் நான்கு மணித்தியாலமும் நடந்தது. 2.9 லீற்றர் எடுத்தோம், இப்போது 58.2 கிலோ. புதன் காலை 6.00 மணிக்குச் சந்திப்போம்."